தமிழ்ப் பிடிஎஃப்பை மட்டும் ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் சிறிய மொழிபெயர்ப்பு, பக்க வடிவமைப்புக் காரியாலயம் நடத்துகிறோம். இனி ஒப்படைக்கும் ஒவ்வொரு பிடிஎஃப்பும் குறித்த பெயரமைப்பில், ஏ4 அளவில், தேடக்கூடிய எழுத்து அடுக்குடன் இருக்க வேண்டும் என்று திட்ட முகாமையாளர் மின்னஞ்சல் அனுப்பியுள்ளார். ஆங்கிலக் கைநூலை ஏற்றுக்கொண்டார். 48 பக்கத் தமிழ்க் கைநூலைத் திருப்பிவிட்டார். "கொழும்பு" என்று தேடினால் ஒன்றுமே வரவில்லையாம். கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஒன்றாக்குவதற்கு முந்தைய இரண்டு துண்டுகளையும் இணைத்துள்ளேன். எங்கே பிழை?

பதில்:

நீங்கள் அனுப்பிய இரண்டு கோப்புகளையும் திறந்து பார்த்தேன். முகாமையாளரின் குறை நியாயமானது. ஆனால் அவர் கண்டது ஒரு பிழையை அல்ல. தேடினால் அகப்படாது என்ற ஒரே அறிகுறியைக் காட்டும் மூன்று வேறு பிழைகளை. முதல் 11 பக்கங்கள் யுனிகோட் தமிழில் தட்டச்சு செய்யப்பட்டவை. 12 முதல் 35 வரை பழைய பாமினி எழுத்துருவில் உள்ளவை. 36 முதல் 48 வரை ஸ்கேன் செய்த படங்கள். ஒவ்வொன்றும் வேறு காரணத்தால் தேடலில் தவறுகிறது, ஒவ்வொன்றுக்கும் மருந்தும் வேறு. மூன்றையும் ஒரே வழியில் சீர்செய்ய முயன்றால் நன்றாக இருக்கும் பக்கங்களும் கெட்டுப்போகும்.

முதலில் இந்த இரண்டு கட்டளைகளையும் ஓட்டிப் பாருங்கள். இவை பொப்ளர் என்ற இலவசக் கருவித் தொகுப்பில் வருபவை.

```
pdfinfo -f 1 -l 35 part1.pdf
pdffonts part1.pdf
```

முதலாவது கட்டளையின் விடையில் `Producer: Microsoft: Print To PDF` என்றும் `Tagged: no` என்றும் இருப்பதைக் காண்பீர்கள். பாதிக் கதை இந்த இரண்டு வரிகளிலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் தட்டச்சாளர் கோப்பைப் பிடிஎஃப்பாகச் சேமிக்கவில்லை. பிடிஎஃப் என்ற பெயரிலுள்ள ஓர் அச்சுப்பொறிக்கு அனுப்பியிருக்கிறார். அச்சுப்பொறிக்குத் தேவைப்படுவது எந்த வடிவத்தை எந்த இடத்தில் பதிப்பது என்ற தகவல் மட்டுமே. அந்த வடிவம் எந்தச் சொல்லின் பகுதி என்பது அதற்கு வேண்டாத விடயம் என்பதால், வேர்ட் அதை அனுப்புவதும் இல்லை. இரண்டாவது கட்டளை லதா, பாமினி ஆகிய இரண்டு எழுத்துருக்களுக்கும் `uni` என்ற நிரலில் `yes` என்று காட்டும். இதைப் பார்த்துப் பலர் எழுத்து அடுக்கு சரியாக உள்ளது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த `yes` சொல்வது, வடிவத்திலிருந்து எழுத்துக் குறியீட்டுக்குப் போகும் ஓர் அட்டவணை கோப்பில் இருக்கிறது என்பதை மட்டுமே. அட்டவணை சொல்வது தமிழா, அது சரியான வரிசையில் வருமா என்பதற்கு அது பொறுப்பல்ல.

யுனிகோட் பக்கங்களை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் உங்களைக் குழப்பியது இதுதான் என்று நினைக்கிறேன். தமிழில் நாம் "கொ" என்று தட்டச்சு செய்யும்போது கோப்பில் முதலில் ககரமும் பின்னர் ஒகரக் குறியும் பதிவாகின்றன. திரையில் வரையும்போதோ கொம்பு முதலிலும், ககரம் நடுவிலும், கால் கடைசியிலும் வருகின்றன. பிடிஎஃப் என்பது அடிப்படையில் வரைந்த வரிசையைக் காப்பாற்றும் கோப்பு. ஆகவே தேடும் செயலி அதற்குள் போய் எழுத்துகளைத் திரும்பப் பொறுக்கும்போது கொம்பு, ககரம், கால் என்ற வரிசையில் பொறுக்குகிறது. நாம் தேடல் பெட்டியில் இடுவது ககரத்தில் தொடங்கும் சொல். கோப்பில் இருப்பது கொம்பில் தொடங்கும் சொல். இரண்டும் ஒருபோதும் பொருந்தப்போவதில்லை. அட்டவணை ஒவ்வொரு வடிவத்துக்கும் அதன் குறியீட்டைச் சொல்லுமே தவிர, இரண்டு வடிவங்களை இடம் மாற்றிப் படி என்று சொல்லும் வசதி அதில் கிடையாது.

இதை ஒரு நிமிடத்தில் உறுதிசெய்யலாம். உங்கள் கோப்பின் 3ஆம் பக்கத்தில் "கொழும்பு" என்று தேடுங்கள், கிடைக்காது. அதே பக்கத்தில் "ழும்பு" என்று தேடுங்கள், உடனே கிடைக்கும். பின்பாதி அகப்பட்டு முழுச்சொல் அகப்படவில்லை என்றால் நோய் எழுத்து வரிசையில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. கு, டு, மு போன்று குறி எழுத்தோடு ஒட்டிவிடும் வடிவங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எழுத்துக்கு முன்னால் ஒரு குறி நிற்கும் எகர, ஏகார, ஐகார, ஒகர, ஓகார, ஔகார வரிசைகளுக்குத்தான் இது வரும். அந்தப் பக்கத்தைக் கொப்பி எடுத்து நோட்பேட்டில் ஒட்டினால் சொல்லின் தொடக்கத்தில் புள்ளி வட்டத்தோடு ஒரு கொம்பு தனியே நிற்பதைக் காண்பீர்கள். அது கண்ணில் படும் பிழை. கண்ணில் படாத பிழையும் உண்டு. "பலகை" என்ற சொல்லில் ஐகாரக் குறி ககரத்துக்கு முன்னால் வரையப்படுவதால், வரிசை மாறிப் பொறுக்கப்படும்போது அது முன்னாலுள்ள லகரத்தோடு சேர்ந்து "பலைக" என்று நிற்கும். புள்ளி வட்டம் எதுவும் தோன்றாது. பிழையான ஒரு சொல் ஒழுங்கான சொல்லைப் போல உட்கார்ந்திருக்கும். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு காரியாலயத்துக்கு நான் ஒப்படைத்த அறிக்கையிலிருந்து பத்திகளை அப்படியே கொப்பி எடுத்து அவர்கள் இணையத்தளத்தில் போட்டபோதுதான் இந்த வகைப் பிழை எனக்கே தெரிய வந்தது. திருத்தியது நான், அதுவும் கைச்செலவில்.

இதற்கான தீர்வு பிடிஎஃப்பின் விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. வரைந்த வடிவங்களின் ஒரு கூட்டத்தைச் சுற்றி, இங்கே உண்மையில் எழுதியிருப்பது இதுதான் என்று ஒரு குறிப்பை இடலாம். "கொழும்பு" என்ற சொல்லுக்கு அந்தக் குறிப்பு இப்படி இருக்கும்:

```
/Span <</ActualText <FEFF0B950BCA0BB40BC10BAE0BCD0BAA0BC1>>> BDC
```

`FEFF` என்பதற்குப் பின்னர் நான்கு நான்காகப் பிரித்தால் க, ொ, ழ, ு, ம, ், ப, ு என்று சரியான வரிசையில் எட்டுக் குறியீடுகள் வரும். இதை மதிக்கும் செயலி கீழே கிடக்கும் வடிவங்களைப் பொறுக்காமல் குறிப்பையே படித்துக்கொள்ளும். நீங்கள் இதைக் கையால் எழுத வேண்டியதில்லை. வேர்ட்டில் அச்சிடும் வழியை விட்டுவிட்டு `Save As` ஊடாகப் பிடிஎஃப்பைத் தெரிவுசெய்து, `Options` பெட்டியில் `Document structure tags for accessibility` என்பதற்குச் சரி அடையாளம் இட்டுச் சேமியுங்கள். அதே பெட்டியில் `Bitmap text when fonts may not be embedded` என்று இன்னொன்றும் இருக்கும். உட்பொதிக்க அனுமதியில்லாத எழுத்துரு ஒன்றைப் பாவித்திருந்தால் அந்த எழுத்துகள் சத்தமின்றிப் படமாகிவிடுவது இதனால்தான்; அதன் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். லிப்ரே ஒஃபிஸ் பாவிப்பவர்கள் ஏற்றுமதிப் பெட்டியில் `Tagged PDF` என்பதைத் தெரிவுசெய்யலாம்.

சேமித்த பின்னர் சோதிக்காமல் அனுப்ப வேண்டாம். எல்லாச் செயலிகளும் இந்தக் குறிப்பை ஒரே மாதிரி மதிப்பதில்லை. உங்கள் மேசையில் கிடைக்கும் சொல் முகாமையாளரின் மேசையில் கிடைக்காமல் போகலாம். ஆகவே எந்தச் செயலியில் திறந்து சோதிக்கிறார் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பாமினிப் பக்கங்களின் கதை வேறு. அங்கே வரிசைச் சிக்கல் இரண்டாம் பட்சம், ஏனென்றால் கோப்பில் தமிழே இல்லை. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்த எழுத்துரு. கண்ணுக்குக் "கொழும்பு" என்று தெரிவது கோப்பில் ஆங்கில எழுத்துகளாகவே இருக்கிறது. 14ஆம் பக்கத்தில் தேடல் பெட்டியில் `nfhOk;G` என்று தட்டச்சு செய்து பாருங்கள். கொழும்பு எல்லாம் அழகாக வரிசையில் வந்து நிற்கும். "இலங்கை" வேண்டுமென்றால் `,yq;if` என்று தேட வேண்டும். எழுத்து அடுக்கு உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும் தானியங்கிச் சோதனை இந்தப் பக்கங்களை மகிழ்ச்சியோடு சித்தியடையச் செய்துவிடும். முகாமையாளர் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பார்த்திராவிட்டால் இது வெளியே தெரிந்திருக்காது.

இதைப் பிடிஎஃப் மட்டத்தில் திருத்த முனைய வேண்டாம். மூல வேர்ட் கோப்பு உங்களிடம் இருப்பதால் அங்கேயே யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். முழுக் கோப்பையும் அள்ளி மாற்றியில் போட்டால் நடுவிலுள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிக் குழம்பும். அதனால் வேர்ட்டின் தேடல் பெட்டியில் எழுத்துரு பாமினி என்று குறிப்பிட்டு, அந்தத் துண்டுகளை மட்டும் எடுத்து மாற்ற வேண்டும். மாற்றிய பின்னர் ஒரு விடயத்தைத் தனியாகத் தேடுங்கள். பழைய தட்டச்சாளர்கள் பார்வைக்கு ஒன்று என்பதால் ரகரத்தின் இடத்தில் காலை அடித்துப் பழகியவர்கள். மாற்றிகள் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும், ஆனால் சில இடங்களில் காலின் மேல் புள்ளி வைத்த வடிவம் அப்படியே தங்கிவிடும். அது கண்ணுக்கு "ர்" போலவே தெரியும், தேடலில் மட்டும் அகப்படாது. கால் குறியையும் புள்ளியையும் அடுத்தடுத்து இட்டுத் தேடினால் அவை அகப்படும். 24 பக்கங்களையும் ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டியிருக்கும்; இந்தச் செலவை விலையில் சேர்க்காமல் விட்டிருந்தால் அடுத்த முறையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்க எண்களும் இந்த மாற்றத்தில் நகரும். பாமினியும் யுனிகோட் எழுத்துருக்களும் ஒரே புள்ளியளவில் ஒரே இடத்தைப் பிடிப்பதில்லை. பொருளடக்கத்தைக் கடைசியில் புதுப்பியுங்கள்.

ஸ்கேன் பக்கங்களில் எழுத்து அடுக்கே இல்லை. எழுத்துணரி மென்பொருளால் அதை உருவாக்க வேண்டும். டெசரெக்ட் என்ற இலவச எழுத்துணரியைப் பின்னால் வைத்து இயங்கும் இந்தக் கட்டளை போதும்:

```
ocrmypdf -l tam+eng --deskew part2.pdf part2-ocr.pdf
```

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எழுத்துணரி இடும் அடுக்கு கண்ணுக்குத் தெரியாதது. அங்கே வடிவம் எதுவும் வரையப்படுவதில்லை. ஆகவே அது எழுத்துகளைச் சரியான வரிசையிலேயே இடும். அதாவது நீங்கள் புதிதாகத் தட்டச்சு செய்த பக்கங்களில் எழுத்துகள் சரி, வரிசை பிழை. ஸ்கேன் பக்கங்களில் வரிசை சரி, எழுத்துகள் ஆங்காங்கே பிழை. மங்கிய போட்டோ கொப்பியில் ளகரமும் னகரமும் மாறும், புள்ளிகள் காணாமற்போகும். இதனால் சிலர் 48 பக்கங்களையும் எழுத்துணரிக்குள் தள்ளிவிட்டு, தேடல் வேலை செய்கிறது என்று கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். `--force-ocr` என்ற தெரிவு அதைத்தான் செய்யும்: நல்ல எழுத்துகளைப் படமாக்கி, பின்னர் அந்தப் படத்தை வாசித்து ஊகிக்கும். கோப்பு பருத்துவிடும், பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்துகளின் ஓரம் மங்கும், நாம் சரியாகத் தட்டச்சு செய்த சொல் பிழையாகப் பதிவாகும். மூலக் கோப்பு தொலைந்துபோன பாமினி ஆவணத்துக்கு மட்டுமே நான் அதைப் பாவிப்பேன். `--skip-text` என்ற எதிர்த் தெரிவையும் கலப்புக் கோப்பில் நம்ப வேண்டாம். எழுத்துள்ள பக்கங்களைத் தாண்டிப் போ என்பது அதன் பொருள். பாமினிப் பக்கத்தில் ஆங்கில எழுத்து இருப்பதால் அதையும் எழுத்துள்ள பக்கம் என்று எண்ணித் தாண்டிவிடும்.

இனிப் பக்க அளவு. உங்கள் முதல் 35 பக்கங்களுக்கு `612 x 792 pts (letter)` என்று வருகிறது. ஏ4 என்றால் ஏறத்தாழ 595 x 842 வர வேண்டும். ஒரு புள்ளி அங்குலத்தின் 72இல் ஒரு பங்கு. வேர்ட்டில் ஏ4 என்றுதான் வைத்திருந்தீர்கள் என்பதை நம்புகிறேன். அந்த அச்சுப்பொறியின் இயல்புத் தாள் அமெரிக்க லெட்டராக இருந்தது, வேர்ட் உங்களிடம் கேட்காமலே சுருக்கிப் பொருத்திவிட்டது. `Save As` வழியில் போனால் இந்தப் பிழையும் கூடவே தீரும். ஸ்கேன் துண்டில் 36 முதல் 46 வரை ஏ4. 47, 48 இரண்டும் 612 x 1008, அதாவது லீகல் தாள். பழைய உறுதி போன்ற பத்திரங்கள் நீளத் தாளில் இருப்பது நம் ஊரில் வழக்கம்தான். அவற்றை ஏ4க்குள் சுருக்கினால் 83.5 வீதமாகக் குறையும். 10 புள்ளி எழுத்து எட்டரைக்கும் கீழே போய்விடும். வாசிக்க முடிகிறதா என்று ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். சுருக்குவதாயின் எழுத்துணரிக்குக் கொடுப்பதற்கு முன்னரே சுருக்க வேண்டும். எழுத்து அடுக்கை இட்ட பின்னர் அளவை மாற்ற இன்னொரு கருவிக்குள் விட்டால், அந்தக் கருவி கோப்பைப் புதிதாக எழுதும்போது நீங்கள் பாடுபட்டு இட்ட குறிப்புகள் தங்காமல் போகலாம். துண்டுகளை ஒன்றாக்கும் கருவிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சொல் தேடும் சோதனையை ஒன்றாக்கிய கோப்பிலும் மறுபடி செய்யுங்கள்.

பெயரமைப்பில் உங்களிடம் பெரிய பிழை இல்லை. மின்னஞ்சல் கேட்டது ஆவணக் குறியீடு, மொழி, பதிப்பு, திகதி என்ற ஒழுங்கு. அதன்படி `HB02_TA_v03_20250618.pdf` போல அமையும். மொழிக்கு `TA`, `SI`, `EN` என்ற இரண்டெழுத்துக் குறிகளையே வையுங்கள்; ஒருவர் `TAM` என்றும் மற்றவர் `TM` என்றும் எழுதினால், `_TA_` என்று தேடும்போது சில தமிழ்க் கோப்புகள் விடுபட்டுவிடும். தமிழிலேயே பெயரிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். விருப்பம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பெயர் ஓர் இணைப்பு முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். க என்பது `%E0%AE%95` ஆகும். "கொழும்பு" என்ற ஒரு சொல்லே 72 எழுத்தாகிவிடும், முகவரியின் பாதி மின்னஞ்சலில் உடைந்துபோகும். தமிழ்த் தலைப்பைக் கோப்பின் உள்ளே `Title` என்ற இடத்தில் எழுதுங்கள். இப்போது அந்த இடத்தில் `Microsoft Word - Document1` என்று கிடக்கிறது.

முகாமையாளருக்குப் பதில் எழுதும்போது மன்னிப்போடு நிறுத்திவிடாமல் மூன்று விடயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வேர்ட் தரும் ஏ4 595.32 x 841.92 என்றும் இன்டிசைன் தருவது 595.276 x 841.89 என்றும் வரும் என்பதால், ஒரு புள்ளி வரையிலான வேறுபாட்டையும், அகன்ற அட்டவணைகளுக்குக் கிடைப்பக்கத்தையும் ஏற்பதாக எழுத்தில் பெறுங்கள். "தேடக்கூடிய" என்ற சொல்லுக்குச் சோதனை என்னவென்று நிர்ணயியுங்கள்: கொழும்பு, கையொப்பம், பலகை, மேலதிக, பொலிஸ் என்ற ஐந்து சொற்களில் கைநூலில் உள்ளவை, குறித்த ஒரு செயலியில், அவை வரும் பக்கங்களில் அகப்பட வேண்டும் என்று நான் வைப்பேன், ஏனென்றால் இவை ஐந்திலும் முன்னால் நிற்கும் குறி உண்டு. ஸ்கேன் பக்கங்களில் எழுத்து அடுக்கு தேடலுக்கு உதவுவதற்கே தவிர மேற்கோள் எடுப்பதற்கல்ல என்பதையும், 47, 48ஆம் பக்கங்களை லீகல் அளவிலேயே விடலாமா என்பதையும் கேளுங்கள். சிங்களப் பதிப்பைச் செய்யும் காரியாலயத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சிங்களத்திலும் எழுத்துக்கு முன்னால் கொம்பு நிற்கும், எஃப்எம் அபய போன்ற பழைய எழுத்துருக்கள் அங்கே பாமினியின் வேலையைச் செய்கின்றன.

திரும்பி வந்த கோப்பு `v02` ஆக இருந்தது. புதியதை `v03` என்று பெயரிட்டு அனுப்புங்கள். பழையதன் மேல் எழுதிவிட்டால், எந்தக் கோப்பில் தேடியபோது சொல் அகப்படவில்லை என்று அவர் நாளை கேட்கும்போது காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் இராது.